தம்பிக்கு பிளேட், எனக்கு பல் பிடுங்கல்... ஒரே எத்துப்பல்லுக்கு ஏன் ரெண்டு வைத்தியம்?

சித்தி பையனுக்கு 13 வயது. சிரிச்சா மேல் பல் நாலும் முதல்ல வெளியே வந்து எட்டிப் பார்க்கும். ஸ்கூல்ல பட்டப்பெயர் வெச்சு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்கன்னு சித்தி புலம்பினதால, அவங்களுக்குத் துணையா நானும் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். நான் போனதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. எனக்கு வயசு 26. அதே குடும்பம், அதே எத்துப்பல். 'அவனுக்குக் க்ளிப் போடறப்போ எனக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே' என்ற சின்ன ஆசை.

அன்றைக்கு அரை நாள் அங்கே உட்கார்ந்திருந்தேன். இருவரையும் பரிசோதித்த டாக்டர், இருவருக்கும் பிரச்னை ஒன்றுதான் என்றார். ஆனால் எழுதிக் கொடுத்த வைத்தியம் வேறு வேறு. தம்பிக்கு ஒரு பல்லைக்கூட எடுக்க வேண்டாம், வாயில் கழற்றி மாட்டுகிற ரெண்டு பிளேட் போதும். எனக்கோ, நல்லா இருக்கிற ரெண்டு பல்லைப் பிடுங்கணும்!

"ஏன் டாக்டர் இந்த ஓரவஞ்சனை?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை. சுருக்கமா சொன்னா ஒரே வரி: பல் எந்த வயசிலும் நகரும், தாடை ஒரு தடவைதான் வளரும்.

அது என்ன கிளாஸ் 2?

ரிப்போர்ட்ல ரெண்டு பேருக்கும் 'கிளாஸ் 2' என்று எழுதியிருந்தது. ஏதோ நோயோட ரெண்டாவது ஸ்டேஜ் போலனு சித்தி பயந்துட்டாங்க. அதெல்லாம் இல்லை. எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899-ல் கொண்டு வந்த வகைப்பாடு அது. பல் எப்படிக் கடிக்கிறது என்பதை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் சொல்கிறார்கள்.

இதில் ஆச்சர்யம், அவர் பார்த்தது முன்பல்லை இல்லை, கடைவாய்ப்பல்லை. ஆறு வயசு வாக்கில், பால்பற்களுக்குப் பின்னாடி புதுசா முளைக்கிற முதல் பெரிய கடைவாய்ப்பல் இருக்கே, அதுதான் அடையாளக்கல். மேல் கடைவாய்ப்பல்லின் கன்னப் பக்கத்தில் இருக்கிற முன் முனை, கீழ்ப்பல்லின் நடுவில் உள்ள பள்ளத்தில் கச்சிதமா உட்கார்ந்தால் கிளாஸ் 1. கீழ்ப்பல் அந்த இடத்தைவிடப் பின்னால் போயிருந்தால் கிளாஸ் 2. முன்னால் வந்திருந்தால் கிளாஸ் 3.

கிளாஸ் 1 என்றால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. பின்பற்கள் சரியாகக் கடிக்கும். ஆனால் முன்னால் இடம் போதாமல் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கலாம். நாம் 'தெத்துப்பல்' என்று சொல்கிறவற்றில் நிறைய இந்த ரகம்தான். எத்துப்பல்லோ பெரும்பாலும் கிளாஸ் 2. கீழ்ப்பற்கள் மொத்தமா பின்னால் இருப்பதால், மேல் முன்பற்கள் தனியே துருத்திக்கொண்டு நிற்கும்.

எவ்வளவு துருத்தியிருக்கு என்று அளக்க ஒரு சின்ன ஸ்கேல் போதும். பின்பற்களைக் கடித்த நிலையில், மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே முன்-பின்னாக எவ்வளவு இடைவெளி என்று பார்க்கிறார்கள். 2 முதல் 3 மில்லிமீட்டர் இருந்தால் இயல்பு. தம்பிக்கு 9. எனக்கு 8.

குற்றவாளி பல்லா, தாடையா?

ஆங்கிள் வகைப்பாட்டில் ஒரு குறை உண்டு. பல் எங்கே இருக்கு என்று மட்டும்தான் அது சொல்லும். அந்தப் பல் உட்கார்ந்திருக்கிற தாடை எங்கே இருக்கு என்று சொல்லாது. தாடைகள் ரெண்டும் சரியா இருந்து பல் மட்டும் முன்னால் சாய்ந்திருக்கலாம். இல்லைன்னா, பல்லெல்லாம் ஒழுங்கா இருந்து கீழ்த்தாடையே பின்தங்கியிருக்கலாம். வெளியே பார்த்தா ரெண்டும் ஒரே எத்துப்பல்தான்.

டாக்டர் தம்பியைப் பக்கவாட்டில் உட்கார வெச்சு, "கண்ணா, கீழ்த்தாடையை மட்டும் மெதுவா முன்னாடி கொண்டு வா... முன்பல் ரெண்டும் கிட்ட வர்ற வரைக்கும்" என்றார். அவன் அப்படியே செய்தான். சித்தி, "அட, முகமே மாறிடுச்சே!" என்றார். உள்வாங்கியிருந்த மோவாய் முன்னால் வந்து, உதடு ரெண்டும் தானா சேர்ந்தது.

"இதுதான் முதல் துப்பு. தாடையை முன்னாடி கொண்டு வந்தா முகம் நல்லாயிருக்குன்னா, மேல் பல் வெளியே வரலை; கீழ்த்தாடை உள்ளே நிக்குதுன்னு அர்த்தம். முன்னாடி கொண்டு வந்ததும் முகம் இன்னும் மோசமா தெரிஞ்சா, பிரச்னை மேலே இருக்கு" என்றார்.

இதைக் கண்ணாடி முன்னால் நீங்களும் செய்து பார்க்கலாம். ஆனால் உங்கள் கடி நிஜமாகவே எப்படி இருக்கிறது என்று பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. எத்துப்பல் உள்ள பலர் போட்டோவுக்கு நிற்கும்போது தன்னை அறியாமல் தாடையை முன்னால் தள்ளிக்கொள்வார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. நாக்கின் நுனியை அண்ணத்தில் முடிந்தவரை பின்னால் மடித்து வைத்துக்கொண்டு கடித்தால், தாடை தன் உண்மையான இடத்துக்குப் போய்விடும்.

துப்பை உறுதி செய்யப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் மூக்குக்கு மேலே ஒரு புள்ளி, மேல் தாடையில் ஒரு புள்ளி, கீழ்த்தாடையில் ஒரு புள்ளி குறித்து, கோடு இழுத்து, ரெண்டு தாடைக்கும் நடுவில் உள்ள கோணத்தை அளக்கிறார்கள். சராசரியாக 2 டிகிரி இருக்கும். 4-ஐத் தாண்டினால் தாடையிலேயே கிளாஸ் 2 என்று சந்தேகப்படலாம். தம்பிக்கு 6, எனக்கு 5. ஆக, ரெண்டு பேருக்கும் கீழ்த்தாடைதான் கொஞ்சம் சோம்பேறி.

கழுத்தெலும்பு சொல்லும் வயசு

அதே எக்ஸ்ரேயில் டாக்டர் அடுத்துப் பார்த்தது பல்லை இல்லை, கழுத்தை!

கீழ்த்தாடை வளர்வது முக்கியமாகக் காதுக்கு முன்னால் இருக்கிற மூட்டுப் பகுதியில். அங்கே எலும்பு சேரச் சேர, மோவாய் கீழேயும் முன்னாலும் நகரும். இந்த வளர்ச்சி எல்லா வருஷமும் ஒரே வேகத்தில் நடக்காது. உடம்பு சட்டென்று உயரமாகிற அந்த விடலைப் பருவத்தில்தான் தாடையும் வேகமெடுக்கும். சராசரியாகப் பெண்களுக்கு 12 வயது வாக்கில், ஆண்களுக்கு 14 வயது வாக்கில். ஆனால் இது சராசரிதான். ஒரே வகுப்பில் படிக்கிற ரெண்டு பையன்களில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் குழந்தை மாதிரி இருப்பான். பர்த் சர்டிஃபிகேட்டை வைத்து முடிவெடுக்க முடியாது.

அதனால்தான் கழுத்தெலும்பு. சின்ன வயதில் அதன் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். வளர வளர, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அடிப்பக்கம் உள்வாங்கிக் குழியும். தம்பிக்கு இரண்டாவதும் மூன்றாவதும் குழிய ஆரம்பித்திருந்தன. நான்காவது இன்னும் தட்டை. "சரியான நேரத்துல வந்திருக்கீங்க. வேகமான வளர்ச்சி இப்போதான் ஆரம்பிக்குது" என்றார் டாக்டர். என் எக்ஸ்ரேயில் எல்லாமே குழிந்து, உயரமாகி, வேலை முடிந்து பல வருஷம் ஆகியிருந்தது.

பெண் குழந்தைகளின் பெற்றோர் இதைக் கவனிக்கணும். பொதுவாக, வயதுக்கு வரும்போதே வளர்ச்சியின் உச்சம் தாண்டியிருக்கும். 'வயசுக்கு வந்தப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டால், தாடை வளர்ச்சியைப் பயன்படுத்தும் வாய்ப்பு ஏறக்குறைய போய்விடும்.

தம்பியின் ரெண்டு பிளேட்

அவனுக்குக் கொடுத்த கருவியின் பெயர் 'ட்வின் பிளாக்'. ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் வில்லியம் கிளார்க் 1970-களில் உருவாக்கியது. மேலே ஒரு பிளாஸ்டிக் பிளேட், கீழே ஒரு பிளேட். இரண்டிலும் சரிவான மேடைகள். வாயை மூடும்போது அந்தச் சரிவுகள் ஒன்றோடொன்று உரசி, கீழ்த்தாடையை முன்னால் வழுக்கிக்கொண்டு போய் நிறுத்தும். பழைய இடத்தில் கடிக்க வழியே இருக்காது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் போட்டிருக்கணும். பல் தேய்க்கவும் விளையாடவும் மட்டும் கழற்றலாம். ஏறக்குறைய 9 மாதம் முதல் ஒரு வருஷம். அதன்பிறகு வழக்கமான க்ளிப் போட்டு வரிசையைச் சரிசெய்வார்கள்.

"அப்போ இது தாடையை வளர வெச்சிடுமா?" என்று கேட்டேன்.

"முழுசா அப்படிச் சொன்னா பொய்" என்றார். பிரிட்டனில் 8 முதல் 10 வயதுக் குழந்தைகளிடம் ட்வின் பிளாக்கைச் சோதித்துப் பார்த்தார்கள். இடைவெளி நன்றாகவே குறைந்தது. ஆனால் அதில் சுமார் முக்கால் பங்கு பற்கள் சாய்ந்ததால் வந்தது. மேல் பல் உள்ளே, கீழ்ப்பல் வெளியே. கால் பங்குதான் தாடையால் வந்தது. தம்பி கணக்கில் போட்டுப் பார்த்தால், 9 மில்லிமீட்டர் 3 ஆகக் குறையும்போது, குறைந்த 6-ல் சுமார் ஒன்றரைதான் தாடையின் பங்கு.

'ப்பூ, இவ்வளவுதானா' என்று தோன்றலாம். ஆனால் அந்த ஒன்றரையும், வளர்கிற வயதில் பற்கள் சுலபமாக இடம் மாறுவதும் சேர்ந்துதான், பின்பற்களைக் கிளாஸ் 1-க்குக் கொண்டு வந்து, பல் பிடுங்காமல் அவனைக் காப்பாற்றுகின்றன.

'அப்போ எட்டு வயசுலயே ஆரம்பிச்சா இன்னும் நல்லதா?' அதுவும் இல்லை. அதே ஆய்வில் அந்தக் குழந்தைகளை வளர்ந்த பிறகு திரும்பப் பார்த்தபோது, சின்ன வயதிலேயே ஆரம்பித்தவர்களுக்கும், காத்திருந்து பிறகு ஆரம்பித்தவர்களுக்கும் கடைசி ரிசல்ட்டில் பெரிய வித்தியாசமில்லை. சீக்கிரம் ஆரம்பிப்பதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு: துருத்திய முன்பல், கீழே விழும்போது முதலில் உடையும். எப்போதும் விழுந்து எழுகிற வாண்டுக்கோ, கேலியால் மனசொடிந்து நிற்கிற குழந்தைக்கோ காத்திருக்கத் தேவையில்லை.

ட்வின் பிளாக் தோற்பதற்கு முக்கியக் காரணம், போடாமல் இருப்பது. முதல் சில நாள் பேச்சு குழறும். தொடர்ந்து போட்டால் நாக்கு பழகிவிடும். "ரெண்டு வாரம் கழிச்சும் உங்க பையன் பேச்சு குழறினா, அவன் அதை டப்பாவுலதான் வெச்சிருக்கான்னு புரிஞ்சுக்கோங்க" என்று சித்தியிடம் சொன்னார் டாக்டர். தம்பி முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

எனக்கு ஏன் நல்ல பல் போகணும்?

இப்போ என் கதை. என் தாடை வளர்ந்து முடிந்தது. எனக்கு ட்வின் பிளாக் போட்டால் தாடை வராது. பல் மட்டும்தான் சாயும். அதனால் மூன்று வழிகள். ஒன்று, அறுவை சிகிச்சை செய்து கீழ்த்தாடையையே முன்னால் நகர்த்துவது. அதற்கு முன்னும் பின்னும் க்ளிப் உண்டு. இரண்டு, தாடையை அப்படியே விட்டுவிட்டு, மேல் பற்களைப் பின்னால் இழுத்து இடைவெளியை மறைப்பது. மூன்று, ஒன்றும் செய்யாமல் விடுவது. கோணம் 5 டிகிரிதான் என்பதால் எனக்கு இரண்டாவது வழி பொருந்தும் என்றார்.

பின்னால் இழுக்க இடம் வேண்டுமே? அதற்குத்தான் கோரைப்பல்லுக்கு அடுத்து இருக்கிற சின்னக் கடைவாய்ப்பல்லை, பக்கத்துக்கு ஒன்றாக எடுக்கிறார்கள். அதன் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். என் இடைவெளி 8-லிருந்து 3-க்கு வரணும். அதாவது முன்பற்கள் 5 மில்லிமீட்டர் பின்னால் போகணும். 7-ல் 5 போனால், மீதி 2.

அந்த 2-ல்தான் சூட்சுமம். ரெண்டு பேர் படகில் நின்று கயிறு இழுக்கிற மாதிரி, முன்பல்லைப் பின்னால் இழுத்தால் பின்பல்லும் முன்னால் வரும். அது 2 மில்லிமீட்டரோடு நின்றால் கணக்கு சரி. அதுவே 4 வந்துவிட்டால், முன்பல்லுக்கு 3 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். பல் எடுத்த இடமும் மூடிப்போயிருக்கும், எத்துப்பல் பாதி அப்படியே நிற்கும்! இதைத் தடுக்க, ஈறு வழியாக எலும்பில் ஒரு குட்டி ஸ்க்ரூவை மாட்டி, அதைப் பிடிமானமாக வைத்து இழுப்பார்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம்.

இன்னொன்றையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். பல் பின்னால் போனால் மேல் உதடும் கொஞ்சம் பின்னால் போகும். ஏற்கெனவே மோவாய் உள்வாங்கிய முகத்தில் அளவுக்கு மீறி இழுத்தால், மூக்கு பெரிதாகத் தெரியும். அதனால்தான் சிலருக்கு இந்த வழி சரிப்படாது. அறுவை சிகிச்சையோ, சும்மா விடுவதோ மேல்.

'நல்லா டைட் பண்ணுங்க டாக்டர்!'

சித்திக்கு ஒரே அவசரம். "அவளுக்குக் கல்யாணம் பேசுறோம்... டைட்டா போட்டு ஆறு மாசத்துல முடிச்சிடுங்களேன்!"

டாக்டர் சிரித்தார். பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு மெல்லிய நார்ப் படலம் இருக்கிறது. மெதுவாக அழுத்தினால், அழுத்தம் விழுகிற பக்கம் எலும்பைக் கரைக்கும் செல்கள் ஓரிரு நாளில் வேலையை ஆரம்பிக்கும். எதிர்ப்பக்கம் புது எலும்பு உருவாகும். பல் நகர்வது இப்படித்தான். மாதத்துக்கு சுமார் 1 மில்லிமீட்டர்.

அழுத்தம் அதிகமானால் என்ன ஆகும்? அந்தப் படலத்தில் ரத்த ஓட்டமே நின்று, செல்கள் செத்துப்போகும். எலும்பைக் கரைக்க அங்கே ஆள் இருக்காது. பக்கத்து எலும்பிலிருந்து செல்கள் வந்து பின்பக்கமாக அரித்து வழி ஏற்படுத்தும் வரை, பல் சில வாரங்கள் அப்படியே நிற்கும். அதிகமாக இழுத்தால் பல் வேகமாக வராது, நின்றுபோகும். கூடவே வேரின் நுனி கரைந்து குட்டையாகும் அபாயமும் கூடும். அதனால்தான் நடுவில் ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து வேரைப் பார்க்கிறார்கள். ஒரு பல்லை அப்படியே நிமிர்ந்த நிலையில் நகர்த்தத் தேவைப்படும் விசை சுமார் 100 கிராம்தான். ரெண்டு முட்டையின் எடை.

என் 5 மில்லிமீட்டருக்கு மட்டும் ஐந்தாறு மாதம். அதற்கு முன் வரிசையைச் சமப்படுத்த சில மாதம், பின்னால் கடியை நுணுக்கமாகச் சரிசெய்ய சில மாதம். மொத்தம் ஒன்றரை முதல் ரெண்டு வருஷம். கண்ணுக்குத் தெரியாத அலைனர் போட்டாலும் எலும்பின் வேகம் இதேதான். ஒரு அலைனர் சுமார் கால் மில்லிமீட்டர்தான் நகர்த்தும்.

க்ளிப்பைக் கழற்றியதும் கதை முடியாது. ஈறிலுள்ள நார்கள் இழுத்த ரப்பர் மாதிரி பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கும். அவை அடங்க ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுவரை, அதன்பிறகு இரவுகளிலும், ரீடெய்னர் போடணும். சோம்பேறித்தனப்பட்டால் ரெண்டு வருஷ உழைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகும்.

கிளாஸ் 3 வீட்டுக்காரர்களுக்கு

இதைப் படிக்கிறவர்களில் சிலருக்குக் கீழ்ப்பல் மேல்பல்லை மூடிக்கொண்டு முன்னால் நிற்கலாம். உங்கள் காலண்டர் வேறு. அங்கே பல நேரம் மேல் தாடை பின்தங்கியிருக்கும். அது கீழ்த்தாடையைவிடச் சீக்கிரம் வளர்ந்து முடிந்துவிடுவதால், முன்னால் இழுக்கும் கருவியை 10 வயதுக்குள் போட்டால்தான் நல்ல பலன். 13 வயது வரை காத்திருப்பது தாமதம். அதேநேரம், பெரியவர்களுக்கு அறுவை சிகிச்சைதான் என்று முடிவானால் அவசரப்படக் கூடாது. கீழ்த்தாடை வளர்ச்சி முழுசா நின்றதை உறுதி செய்துகொள்ளணும். இல்லையென்றால் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வளர்ந்து, திரும்பவும் முன்னால் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யோசித்தேன். ஸ்க்ரூ வைத்து, ரெண்டு பல் எடுத்து, இழுக்கச் சம்மதித்துவிட்டேன். என் மோவாய் இருக்கிற இடத்தில்தான் இருக்கும், அது தெரிந்தேதான். 13 வயசுல யாராவது என் கழுத்தெலும்பைப் பார்த்திருந்தா நல்லாயிருந்திருக்கும்.

தம்பி பிளேட் போட்டு பத்து நாள் ஆச்சு. முதல் நாள் போன்ல என்னை 'அழ்க்கா' என்று கூப்பிட்டான். நேற்று பேசினான். தெளிவா 'அக்கா' என்றான். சித்திகிட்ட சொன்னேன்: "கவலைப்படாதீங்க, ஒழுங்கா போட்டுக்கிட்டுதான் இருக்கான்."